'சரி' என்று ஒரே சொல்லில் பதில் வாங்கும் மின்னஞ்சல்



நான் இந்தப் பள்ளியில்தான் படித்தேன். இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பு. நம் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்கள் விரைவில் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்குப் போக இருப்பதால், "நீ போன அனுபவத்துல ஒண்ணே ஒண்ணு எழுதிக் கொடுடா, சுவரிதழ்ல போடலாம்" என்று தமிழ் ஐயா கேட்டார். ஒண்ணே ஒண்ணு என்றால் நான் சொல்லுவது இதைத்தான்: பயிற்சி முடியும்போது மேற்பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டி வரும். "என் இறுதி பிரசன்டேஷனை இன்ன நாளில் வைத்துக்கொள்ளலாமா, அதன்பின் என் வேலையைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்ல நேரம் தருவீர்களா" என்று கேட்கும் கடிதம் அது. பத்து வரிதான். அந்தப் பத்து வரியை நான் முதலில் தப்பாக எழுதினேன். அதனால் என்ன ஆகப் பார்த்தது, பிறகு எப்படித் திருத்தி எழுதினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்

2025-ஆம் ஆண்டு மே 26 முதல் ஜூலை 4 வரை ஆறு வாரம், கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பயிற்சி. மெயிண்டனன்ஸ் பிரிவில் போட்டார்கள். தொழிற்சாலை முழுவதும் குழாய் வழியாக அழுத்தக் காற்று ஓடும். நட்டு முடுக்கும் கருவிக்கும், பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கிக்கும் அந்தக் காற்றுதான். அதை அழுத்திக் கொடுப்பது கம்ப்ரசர். குழாய் இணைப்புகளில் எங்கெங்கே காற்று கசிகிறது, மொத்தம் எவ்வளவு வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குக் கொடுத்த திட்ட வேலை.

அளக்கும் முறை எளிது. எல்லா இயந்திரங்களும் நிற்கும் நேரத்தில் கம்ப்ரசரைக் கவனிக்க வேண்டும். யாரும் காற்றை எடுக்கவில்லை, ஆனாலும் கம்ப்ரசர் காற்றை நிரப்புகிறது என்றால் அது கசிவை ஈடுகட்டத்தான். சாப்பாட்டு நேரத்தில் மூன்று முறை பார்த்தேன். சராசரியாக 2 நிமிடம் காற்றை நிரப்பியது, 6 நிமிடம் நிரப்பாமல் இருந்தது. அதாவது 8 நிமிடத்தில் 2 நிமிடம். ஆகவே கசிவு 25 சதவீதம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த 25 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது திரும்ப வரும்.

நான் அனுப்பிய முதல் மெயில்

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை இரவு, மேற்பார்வை இன்ஜினியருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டேன். Subject என்ற இடத்தில் "வணக்கம்" என்று மட்டும் போட்டேன். உள்ளே எழுதியது இவ்வளவுதான்:

"சார், என் பயிற்சி முடியப் போகிறது. பிரசன்டேஷன் வைக்க வேண்டும். தங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லவும். ஃபீட்பேக்கும் வேண்டும். நன்றி."

மரியாதையாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கு வசதியான நேரத்தை அவரே சொல்லட்டும் என்பது பணிவு என்றும் நினைத்தேன்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. பதிலே இல்லை. தினமும் ஷெட்டில் அவரைப் பார்க்கிறேன், கேட்கக் கூச்சம். திங்கட்கிழமை, ஜூன் 23, டீ நேரத்தில் தைரியம் வந்து கேட்டேன். "மெயிலா? எந்த மெயில்?" என்றார். போனைத் தடவித் தேடினார். கிடைக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக ஆரம்பித்த மெயில் ஐடி அது. அனுப்புநர் பெயராக ஒரு சினிமா நடிகரின் பெயர் இருந்தது! கடைசியில் கண்டுபிடித்துப் படித்தார்.

"இதுவா... பார்த்தேன் தம்பி. யாரோன்னு விட்டுட்டேன். சரி, ஜூலை ஒண்ணாந்தேதி நான் வெளியூர் போறேன், ஒரு வாரம் கழிச்சுத்தான் வருவேன். அதுக்குள்ள பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பயிற்சி முடிவது ஜூலை 4. கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்கி ஜூலை 9-க்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் ஜூலை 1 முதல் ஊரில் இல்லை. கொடுக்காவிட்டால் பயிற்சிக்கான மதிப்பெண் போய்விடும். எனக்கு மிச்சம் இருந்தது ஒரு வாரம், அதிலும் ஒரு ஞாயிறு.

அக்கா கேட்ட கேள்வி

அலுவலகத்தில் டெஸ்பாட்ச் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் உண்டு. மீட்டிங் அறைப் பதிவேடும் அவரிடம்தான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி இருக்கற?" என்றார். மெயிலைக் காட்டினேன். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இதைப் படிச்சு முடிச்சதும் அவரு என்ன பண்ணோணும்?"

"நேரம் சொல்லணும் அக்கா."

"அதுக்கு அவரு என்னென்ன பண்ணோணும்னு எண்ணிப் பாரு. தன்னோட டைரியப் பாக்கோணும். அறை காலியான்னு என்கிட்ட கேக்கோணும். எவ்வளவு நேரம் ஆகும்னு உன்கிட்ட கேக்கோணும். யாரெல்லாம் வரோணும்னு யோசிக்கோணும். நாலு வேலைய அவரு தலைல வெச்சுட்ட. அவரு ஷெட்ல நின்னுட்டு போன்ல பாக்கறவரு. அப்புறம் பாக்கலாம்னுதான் வெப்பாரு. அந்த நாலு வேலையும் உன்னுது. நீ செஞ்சு முடிச்சு, அவரு 'சரி'ன்னு ஒரு சொல்லு போட்டாப் போதுங்கற மாதிரி எழுதிக் குடு."

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் பாடம் என்று ஒன்று இருந்தால் அது அக்கா சொன்னதுதான். மீதியெல்லாம் அதைச் செய்த விதம்.

எழுதும் முன் நான் செய்த வேலை

அன்று சாயங்காலம் மெயில் எழுத உட்காரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அலைந்தேன்.

முதலில் நாள். மிச்சமிருந்த வேலை நாட்கள்: ஜூன் 24, 25, 26, 27, 28, 30. இருபத்தாறாம் தேதி வியாழன் என்று மனதில் வைத்திருந்தேன். ஃபோர்மேன் அண்ணன், "அன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்புன்னு இந்தப் பக்கம் பூரா கரண்ட் கட்டுப்பா" என்றார். ஜெனரேட்டர் இருக்கே என்றேன். "கரண்ட் இல்லாத நாள்லதான் எங்களுக்கு வேலையே. பேனலைத் திறந்து எல்லாத்தையும் சுத்தம் பண்றது அன்னைக்குத்தான். ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். காலண்டரில் வெள்ளையாக இருக்கும் நாளெல்லாம் காலியான நாள் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்து நேரம். தினமும் காலை பத்து வரை உற்பத்திக் கூட்டம். பத்தரைக்கு டீ. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஆக பதினொன்றிலிருந்து பன்னிரண்டுதான் சார் கொஞ்சம் உட்காரும் நேரம். அக்காவிடம் பதிவேட்டைப் பார்த்து, 27 வெள்ளி 11 முதல் 12 வரையும், 30 திங்கள் அதே நேரமும் பென்சிலால் என் பெயரை எழுதிவைத்தோம். ஒன்று உறுதியானதும் மற்றதை அழித்துவிட வேண்டும். அது ஒப்பந்தம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 27, 30 இரண்டு நாளும் கிடைத்தால் எதை முதலில் கேட்பது? 30-ஐக் கேட்டால் தயாரிக்க மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும். எனக்கு அதுதான் ஆசை. ஆனால் அக்கா, "அவரு ஒரு குத்தம் சொன்னா எப்பத் திருத்துவ?" என்று கேட்டார். கருத்துக் கேட்பது திருத்துவதற்குத்தான். திருத்த நாளே மிச்சமில்லாமல் கருத்துக் கேட்டால் அது வெறும் சடங்கு. அதனால் 27 முதல், 30 மாற்று என்று முடிவு செய்தோம்.

நான் அனுப்பிய இரண்டாவது மெயில்

மெயில் ஐடியை மாற்றி, என் சொந்தப் பெயரும் இன்ஷியலும் தெரியும்படி புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். எங்கள் சார் தமிழிலேயே எழுதலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். உங்கள் கம்பெனியில் ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரிசை இதுவேதான். கட்டம் கட்டி அப்படியே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

———————————————

Subject: இறுதி பிரசன்டேஷன் – ஜூன் 27 வெள்ளி காலை 11.00 – தங்கள் ஒப்புதல் வேண்டி

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். நான் மே 26 முதல் மெயிண்டனன்ஸ் பிரிவில் பயிற்சி பெறும் பாலிடெக்னிக் மாணவன். காற்றுக் கசிவு பற்றிய என் திட்ட வேலையின் இறுதி பிரசன்டேஷனை 2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, காலை 11.00 முதல் 11.30 வரை, முதல் மாடி மீட்டிங் அறையில் வைத்துக்கொள்ளத் தங்கள் ஒப்புதல் வேண்டுகிறேன். அன்று தங்களுக்கு இயலாவிட்டால் ஜூன் 30, திங்கட்கிழமை, அதே நேரம். இரண்டு நாளும் அறை காலியாக உள்ளது.

நான் பேசுவது 15 நிமிடம், கேள்விகளுக்கு 15 நிமிடம். ஃபோர்மேனும் கம்ப்ரசர் ஆபரேட்டர்கள் இருவரும் வந்தால் நன்றாக இருக்கும். தாங்கள் சரி என்றதும் அவர்களிடம் நானே நேரில் சொல்லிவிடுகிறேன்.

அதன்பின் 11.40 முதல் 12.00 வரை, என் வேலையைப் பற்றித் தங்கள் கருத்தைத் தனியாகக் கேட்க விரும்புகிறேன். குறிப்பாக மூன்று கேள்விகள்:
1. நான் கசிவை அளந்த முறை சரியா?
2. எந்தக் கசிவை முதலில் சரிசெய்வது என்று நான் எழுதியுள்ள வரிசை நடைமுறைக்கு ஒத்து வருமா?
3. வேலை செய்யும் விதத்தில் நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

இணைப்புகள் இரண்டு: ஸ்லைடுகள் (12 பக்கம்), கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவம் (2 பக்கம்). ஸ்லைடுகளைக் கல்லூரி வாய்மொழித் தேர்விலும் காட்ட வேண்டியிருக்கும். வெளியே காட்டக் கூடாதது ஏதும் இருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். படிவத்தைக் கல்லூரியில் தரக் கடைசி நாள் ஜூலை 9. தாங்கள் ஜூலை 1 முதல் வெளியூரில் இருப்பதால், ஜூன் 30-க்குள் கையெழுத்துக் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

ஜூன் 27 சம்மதம் என்றால் 'சரி' என்று பதில் அனுப்பினால் போதும், சார்.

பணிவுடன்,
(பெயர், கல்லூரி, ஆண்டு, கைபேசி எண்)

———————————————

ஏன் இப்படி?

Subject வரியில் என்ன விஷயம், எந்த நாள், அவர் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றும் இருக்கிறது. போனில் மெயிலைத் திறக்காமலேயே அந்த வரி தெரியும். நீளமாகப் போனால் போன் திரையில் வால் வெட்டுப்படும் என்பதால் விஷயத்தையும் தேதியையும் முன்னால் வைத்தேன்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். "வரும் வெள்ளி" என்று எழுதினால், வியாழக்கிழமை படிப்பவர் மறுநாளை நினைப்பார், சனிக்கிழமை படிப்பவர் அடுத்த வாரத்தை நினைப்பார். எழுதிய பிறகு காலண்டரில் ஒரு தடவை சரிபாருங்கள். தேதி ஒன்று கிழமை வேறொன்று என்று இருந்துவிட்டால், எது சரி என்று கேட்டு இன்னொரு மெயில், அதற்கு ஒரு பதில் என்று ஒரு நாள் போய்விடும்.

பிரசன்டேஷனையும் கருத்துக் கேட்பதையும் தனித்தனி நேரமாகப் பிரித்தது ஏன் தெரியுமா? பிரசன்டேஷனில் நாலு பேர் இருப்பார்கள். அங்கே வரும் கேள்வி வேலையைப் பற்றியது. கருத்துச் சொல்வது நம்மைப் பற்றியும் இருக்கும். நாலு பேர் முன்னால் ஒரு பையனின் குறையைச் சொல்ல நல்ல மேற்பார்வையாளர் தயங்குவார். "நல்லா பண்ணியிருக்க தம்பி" என்று முடித்துவிடுவார். அது காதுக்கு இனிமை, ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

அதேபோல "ஃபீட்பேக் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். மூன்று கேள்வியை முன்கூட்டியே கொடுத்தால், அவர் என் ஸ்லைடைப் பார்க்கும்போதே அந்தக் கண்ணோடு பார்ப்பார். மூன்றுக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடத்தில் அதற்கு மேல் பேச முடியாது.

இனி இணைப்பு. என் ஸ்லைடு கோப்பு, கசியும் இடங்களின் போட்டோக்களால் 38 எம்.பி. ஆகிவிட்டது. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது. போட்டோக்களைச் சிறிதாக்கி, பி.டி.எஃப். ஆக மாற்றினேன், 3 எம்.பி.க்குள் அடங்கியது. பி.டி.எஃப். என்றால் இன்னொரு வசதி, தமிழ் எழுத்து உடையாமல் எந்த போனிலும் நாம் செய்த மாதிரியே தெரியும்.

Cc என்ற இடத்தில் என் கல்லூரி வழிகாட்டி ஆசிரியரின் முகவரியைப் போட்டேன். தேதி அவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான், சாரைப் பயமுறுத்த இல்லை. அதனால் வழிகாட்டிக்கு முன்பே போன் செய்து சொல்லிவிட்டேன்.

அனுப்பும் முன் ஒரு சின்னத் தந்திரம்: To என்ற இடத்தில் முகவரியைக் கடைசியாக எழுதுங்கள். முதலில் கோப்புகளை இணையுங்கள், பிறகு கடிதம், பிறகு ஒருமுறை படித்துப் பார்ப்பது, எல்லாம் முடிந்தபின் முகவரி. முகவரி இல்லாத மெயில் கை தவறினாலும் போகாது. ஆனால் Cc இடமும் அதுவரை காலியாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழிகாட்டிக்கு மட்டும் அரைகுறைக் கடிதம் போய்ச் சேரும்!

பதில் வந்தது

திங்கள் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினேன். செவ்வாய் காலை எட்டு பத்துக்குப் பதில்:

"சரி. 27. ஸ்லைடு 7 போட்டோல கஸ்டமர் டிராயிங் தெரியுது. எடுத்துடு."

எடுத்துப் பார்த்தால் உண்மைதான். குழாய் கசிவைப் படம் பிடித்தபோது பின்னால் மேசை மேல் கிடந்த வரைபடமும் விழுந்திருந்தது. பெரிதாக்கினால் வாடிக்கையாளர் பெயர் முதற்கொண்டு படிக்க முடிந்தது. நான் இருபது தடவை பார்த்த படம், என் கண்ணுக்குப் படவில்லை. அதைக் கல்லூரியில் திரையில் போட்டிருந்தால் கம்பெனிக்குச் சங்கடம், எனக்கும் கெட்ட பெயர். ஸ்லைடை முன்கூட்டியே அனுப்பியதன் பலன் இது.

பதில் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதே மெயிலுக்கு Reply all கொடுத்து இரண்டு வரி அனுப்பினேன்: "நன்றி சார். ஜூன் 27 வெள்ளி 11.00 பிரசன்டேஷன், 11.40 தங்களுடன் தனியாக, முதல் மாடி அறை என உறுதி செய்துகொள்கிறேன். ஸ்லைடு 7 படத்தை மாற்றிவிட்டேன், புதிய கோப்பு இணைப்பில்." Reply மட்டும் கொடுத்திருந்தால் வழிகாட்டிக்குப் போயிருக்காது. புது மெயிலாக அனுப்பியிருந்தால் பழைய பேச்சு ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று பிரிந்திருக்கும். பிறகு அக்காவிடம் போய் 27-ஐப் பேனாவால் எழுதி, 30-ஐ ரப்பரால் அழித்தோம்.

பதில் வராவிட்டால்? இரண்டு வேலை நாள் பொறுங்கள். பிறகு அதே மெயிலுக்கு அடியில் ஒரே வரி: "சார், ஜூன் 27 பற்றித் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்." அதோடு நேரில் பார்க்கும்போது, "சார், மெயில் அனுப்பியிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்று சொல்லலாம். என்னைப் போல ஆறு நாள் கூச்சப்பட்டு நிற்காதீர்கள். நாள் குறைவாக இருந்தால் மறுநாளே நேரில் கேட்பதில் தப்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

பதினொன்றுக்குத் தொடங்க வேண்டியது பதினொன்று பத்துக்குத்தான் தொடங்கியது. 25 சதவீதம் கசிவு என்று நான் சொன்னபோது ஃபோர்மேன் அண்ணன், "அம்மாடியோவ்" என்றார். சார் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

எல்லாரும் போனபின் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முதல் கேள்வியிலிருந்தே ஆரம்பித்தார்.

"அளந்த முறை சரியான்னு கேட்டிருக்க. முறை சரிதான். ஆனா எப்ப அளந்த?"

"சாப்பாட்டு நேரத்துல சார், எல்லா மெஷினும் நின்னிருக்கும்ல?"

"பெயிண்ட் அடிக்கிற ஷெட்டுல சாப்பாடு எத்தனை மணிக்கு?"

எனக்குப் பகீரென்றது. பெயிண்ட் ஷெட்டில் சாப்பாட்டு நேரம் அரை மணி தள்ளி. நான் கசிவை அளந்துகொண்டிருந்தபோது அவர்கள் அங்கே காற்றில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உபயோகித்த காற்றையும் கசிவுக் கணக்கில் சேர்த்துவிட்டேன்!

"அங்கேயே ஏன் சார் சொல்லல?" என்றேன்.

"ஆபரேட்டர் முன்னாடி உன் கணக்கு தப்புன்னு சொன்னா நாளைக்கு நீ அவங்ககிட்ட எப்படி வேலை கத்துக்குவ? நாளைக்குச் சனிக்கிழமை. அந்த ஷெட்டுக்குப் போற வால்வை அஞ்சு நிமிஷம் முன்னாடியே அடைக்கச் சொல்லிடறேன், அவங்க அரை மணி வேற வேலை பார்க்கட்டும். திரும்ப அள" என்றார்.

சனிக்கிழமை மூன்று முறை அளந்தேன். சராசரியாக 1 நிமிடம் 50 விநாடி காற்றை நிரப்பியது, 7 நிமிடம் 20 விநாடி நிரப்பாமல் இருந்தது. விநாடியில் சொன்னால் 550-க்கு 110. கசிவு 20 சதவீதம். ஞாயிறு உட்கார்ந்து ஸ்லைடுகளையும் அறிக்கையையும் திருத்தினேன். வால்வை அடைத்தபின் அளந்தது என்று ஒரு வரியும் சேர்த்தேன். திங்கள் ஜூன் 30 சார் திருத்திய அறிக்கையைப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய்விட்டார்.

கல்லூரி வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் கேட்ட முதல் கேள்வியே, "அளக்கும்போது எல்லா இடத்திலும் காற்று நின்றிருந்ததா?" என்பதுதான். என்னால் பதில் சொல்ல முடிந்தது. நான் ஆசைப்பட்டபடி பிரசன்டேஷனை 30-ஆம் தேதிக்குக் கேட்டிருந்தால் அந்தத் தவறு தெரிந்திருக்கும், ஆனால் திருத்த நாள் இருந்திருக்காது. கருத்துக்குத் தனி நேரம் கேட்காமல் இருந்திருந்தால் தவறே தெரிந்திருக்காது. கைதட்டலோடு 25 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு தேர்வுக்குப் போயிருப்பேன்.

கடைசியாக ஒரு மெயில்

ஜூலை 1 காலை சாருக்கு நன்றி மெயில் அனுப்பினேன். வெறும் நன்றி அல்ல. மூன்று கேள்விக்கும் அவர் சொன்ன பதிலை ஒவ்வொரு வரியில் எழுதி, அதற்கு நான் செய்தது என்ன என்று பக்கத்தில் எழுதினேன். கசிவு 20 சதவீதம் என்று திருத்தியாயிற்று. வரிசையில், ஏணி வைத்து ஏற வேண்டிய கசிவுகளை அடுத்த பராமரிப்பு நாளுக்குத் தள்ளியாயிற்று. மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்னது, "சந்தேகம் வந்தா ஆறு நாள் காத்திருக்காத, அன்னைக்கே கேளு" என்பது. அதை மட்டும் 'முயல்கிறேன் சார்' என்று எழுதினேன்.

தம்பி தங்கைகளே, பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். மேலே கட்டத்துக்குள் இருக்கும் கடிதத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, தேதி, நேரம், இடம், மூன்று கேள்வி ஆகிய இடங்களை மட்டும் கோடு போட்டுக் காலியாக விடுங்கள். பயிற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்தக் கோடுகளை நிரப்பப் பாருங்கள். எந்தக் கோட்டை நிரப்ப முடியவில்லையோ, அதுதான் நீங்கள் மெயில் எழுதும் முன் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. எழுதி முடித்ததும் பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் கொடுத்து, "இதைப் படிச்சா என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள். "சரின்னு சொன்னாப் போதும்" என்று அவன் சொன்னால் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், மெயில் ஐடியில் நடிகர் பெயர் வேண்டாம்!

அன்புடன்,
உங்கள் முன்னாள் மாணவன்